ஒன்பது வயதுப் பேத்திக்குப் பல்லாங்குழி: எந்தக் குழியை எடுப்பது என்று எப்படிச் சொல்லிக் கொடுப்பது?

வெள்ளவத்தை அப்பம்மா

எல்லோருக்கும் வணக்கம். பேத்திக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடம் விட்டு வந்து ரியூஷனுக்குப் போவதற்கு இடையில் ஒரு மணித்தியாலம் என்னோடு இருப்பாள். அந்த நேரத்தில்தான் பல்லாங்குழி சொல்லிக் கொடுத்து வருகிறேன். விதைக்கும் கை நன்றாகப் படிந்துவிட்டது. ஆனால் எந்தக் குழியை எடுப்பது என்பதில் முன்னேற்றமே இல்லை. எப்போதும் அதிக விதை உள்ள குழியையே அள்ளுகிறாள். தோற்றுப் போனால், “இது அதிர்ஷ்ட விளையாட்டு அப்பம்மா, தாயக்கட்டை மாதிரி” என்கிறாள். அது எனக்குப் பெரிய கவலையாக இருக்கிறது, ஏனென்றால் இதில் அதிர்ஷ்டத்துக்கு இடமே இல்லை.

எங்கள் வீட்டு முறையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பதில் சொல்பவர்களுக்குக் குழப்பமாகிவிடும். ஆளுக்கு 7 குழி, குழிக்கு 5 புளியங்கொட்டை, மொத்தம் 70. அவரவர் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கமாக விதைத்து, எதிர்வரிசைக்கும் சுற்றிப் போவோம். கையில் உள்ளது தீர்ந்ததும் அடுத்த குழியை அள்ளித் தொடர்வோம். அடுத்த குழி வெறுமையாக இருந்தால் அதைத் துடைத்துவிட்டு, அதற்கு அடுத்த குழியில் உள்ளதைக் கிண்ணத்தில் போட்டுக்கொள்வோம். அதோடு ஆட்டம் கைமாறும். இரண்டு குழி சேர்ந்தாற்போல் வெறுமை என்றால் ஒன்றும் கிடையாது. விதைக்கும்போது ஒரு குழியில் 4 சேர்ந்தால் அது பசு. குழிக்குச் சொந்தக்காரர் அந்தக் கணமே எடுத்துக்கொள்ள வேண்டும்.

“இதை எடு, அதை எடு” என்று சொல்லிக் கொடுத்தால் நான்தான் இரண்டு பக்கமும் ஆடியதாக ஆகிவிடும். அவளே பார்த்துத் தெரிவு செய்ய என்ன வழி?

கொட்டாஞ்சேனை ராகுலன்

அம்மா, எங்கள் தாத்தா சொல்லித் தந்தது: முதல் ஆட்டத்தில் எப்போதும் இடது ஓரக் குழியை எடுக்க வேண்டும். அதுதான் நீண்ட தூரம் ஓடும், அதிகம் கிடைக்கும். அதற்குப் பிறகு விதை அதிகமுள்ள குழியை எடுப்பதில் பிழை இல்லை. கையில் நிறைய இருந்தால்தானே நிறைய குழிகளைத் தொட முடியும்? பிள்ளை செய்வது சரிதான். கொஞ்சம் வேகம் வந்தால் போதும்.

சோழிமணி

ராகுலன் தம்பி, இடது ஓரக் குழியை எடுத்தால் நன்றாகக் கிடைக்கும் என்பது சரி. ஆனால் வேறு எந்தக் குழியை எடுத்தாலும் அதே அளவுதான் கிடைக்கும். ஆட்டத் தொடக்கத்தில் 14 குழியிலும் 5 இருக்கிறது. பலகை ஒரு வளையம். வளையத்தில் எல்லா இடமும் ஒரே மாதிரி இருக்கும்போது எங்கிருந்து புறப்பட்டாலும் ஒரே பாதைதான், ஒரே முடிவுதான். குழிக்கு 5 என்றால் முதல் ஆட்டக்காரருக்கு எப்போதும் 7 விதை.

அப்பம்மா இடது ஓரக் குழியில் தொடங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். 5 விதையும் அடுத்த ஐந்து குழிகளில் விழும். அடுத்து இருப்பது உங்கள் 7ஆம் குழி. அதை அள்ளினால் பேத்தியின் முதல் ஐந்து குழிகளுக்குப் போகும். பிறகு அவளுடைய 6ஆம் குழி, அது சுற்றி வந்து உங்கள் 4ஆம் குழியில் முடியும். அடுத்து உங்கள் 5ஆம் குழி, பிறகு அவளுடைய 5ஆம் குழி. இப்படி ஐந்து கை விதைத்த பின் கடைசி விதை உங்கள் 4ஆம் குழியில் விழும். அடுத்த 5ஆம் குழியை நீங்கள்தான் காலி செய்தீர்கள். அதைத் துடைத்து 6ஆம் குழியை எடுத்தால் 7 விதை. வழியில் பசு எதுவும் வராது.

இதைப் பிள்ளைக்கு முதலில் காட்டுங்கள். “நீ விரும்பிய குழியில் தொடங்கு, உனக்கு 7 கிடைக்கும்” என்று சொல்லிவிட்டு ஆடச் சொல்லுங்கள். அதிர்ஷ்டம் என்ற எண்ணம் அங்கேயே தளரத் தொடங்கும். இன்னொரு பயனும் இருக்கிறது. தொடக்கத்தில் 7 வராவிட்டால் எங்கோ ஒரு குழியில் இரண்டு விதை சேர்ந்து விழுந்திருக்கிறது, அல்லது ஒரு குழி விடுபட்டிருக்கிறது என்று உடனே தெரியும். விதைப்பு சரியா என்று பார்க்க இதைவிட எளிய சோதனை இல்லை.

தெஹிவளை நிலா

பலகை வாங்குவதற்கு இடம் தேடுகிறீர்களா அம்மா? பலகையே வேண்டாம். எங்கள் தொடர்மாடியில் கப் கேக் சுடும் சிறிய காகிதக் கிண்ணங்களை ஒரு தட்டில் ஒட்டி வைத்திருக்கிறோம். புளியங்கொட்டைக்குப் பதிலாகக் குன்றிமணி போடுங்கள். சிவப்பும் கறுப்புமாக அவ்வளவு அழகு, பிள்ளைகளுக்கு உடனே பிடிக்கும்.

மருந்தகத் தங்கை

நிலா அக்கா, குன்றிமணி வேண்டாம், தயவுசெய்து. அதில் ஏப்ரின் என்ற கடும் நஞ்சு இருக்கிறது. ஓடு முழுதாக இருக்கும்வரை அது பெரும்பாலும் வெளியே வராது. ஆனால் விதை கடிபட்டாலோ வெடித்தாலோ நிலைமை வேறு. மாலை கோப்பதற்காகத் துளையிட்ட குன்றிமணி இன்னும் ஆபத்து, ஏனென்றால் ஓடு ஏற்கெனவே உடைந்திருக்கிறது. ஒன்பது வயதுப் பிள்ளை வாயில் போடமாட்டாள் என்று வைத்துக்கொண்டாலும், தரையில் உருண்டு போனதை வீட்டுக்கு வரும் சின்னப் பிள்ளை எடுக்கும். சிவப்பு நிறம்தான் வேண்டும் என்றால் மஞ்சாடி விதை இருக்கிறது. முழுச் சிவப்பு, கறுப்புப் புள்ளி இருக்காது. அதையும் வாயில் போட விடக்கூடாது, அது வேறு விஷயம்.

வெள்ளவத்தை அப்பம்மா

நிலா, பலகை இருக்கிறது பிள்ளை. என் மாமியார் காலத்துப் பலகை, மடிக்கும் கீல் போட்டது. புளியங்கொட்டையிலும் ஒரு சிரமம் இருக்கிறது. பலகையும் பழுப்பு, கொட்டையும் பழுப்பு. என் கண்ணுக்கு மாலை நேரத்தில் குழிக்குள் எத்தனை என்று சரியாகத் தெரிவதில்லை. மஞ்சாடி நல்ல யோசனை, ஆனால் அது என் விரலுக்குச் சிறிதாக இருக்கும். சோழி வைத்தும் பார்த்தேன், பத்துக்கு மேல் சேர்ந்தால் பேத்தியின் கைக்குள் அடங்காமல் சிந்துகிறது.

சோழிமணி, நீங்கள் சொன்னபடி வேறு வேறு குழியில் தொடங்கிப் பார்க்கச் சொன்னேன். ஓரத்தில் தொடங்கினாள், நடுவில் தொடங்கினாள், 7 வந்தது. “அப்படியென்றால் முதலில் ஆடுபவருக்கு மட்டும் சும்மா 7 கிடைக்கிறதே, அது நியாயமா?” என்று கேட்டாள். அதற்கு என்ன பதில் சொல்வது? நல்ல கேள்வி என்று எனக்குப் பட்டது. அடுத்து இரண்டாவது ஆட்டத்தை எப்படிச் சொல்லிக் கொடுப்பது?

சோழிமணி

அவளுடைய கேள்விக்குப் பதில் இரண்டாவது ஆட்டத்தில்தான் இருக்கிறது. நீங்கள் இடது ஓரத்தில் தொடங்கி 7 எடுத்த பின் பலகை இப்படி இருக்கும். உங்கள் வரிசை, உங்கள் இடப்பக்கத்திலிருந்து: 2, 8, 8, 8, 0, 0, 1. அவளுடைய வரிசை, அவள் இடப்பக்கத்திலிருந்து: 7, 7, 7, 7, 0, 1, 7. இதை அப்படியே பலகையில் அடுக்கி வைத்து ஒரு மாலை முழுவதும் இந்த ஒரு நிலையை மட்டும் ஆடிப் பாருங்கள். ஆட்டம் முடிந்ததும் மறுபடி இதே போல் அடுக்கி, வேறு குழியில் தொடங்குங்கள்.

அவளுக்கு 7 விதை உள்ள ஐந்து குழிகளும் ஒரேயொரு விதை உள்ள ஒரு குழியும் இருக்கின்றன. ஒற்றை விதையை அவள் திரும்பியும் பார்க்க மாட்டாள். அதை எடுக்கச் சொல்லுங்கள். 6ஆம் குழியிலிருந்த விதை 7ஆம் குழிக்குப் போய் அங்கே 8 ஆகும். அடுத்தது உங்கள் முதல் குழி, அதில் 2. அவை உங்கள் 2ஆம், 3ஆம் குழிகளில் விழும். அடுத்து உங்கள் 4ஆம் குழி, 8 விதை. உங்கள் மிச்சம் மூன்று குழிகளுக்கும் அவளுடைய முதல் ஐந்து குழிகளுக்கும் சரியாகப் போய் முடியும். அடுத்து அவளுடைய 6ஆம் குழி. அது வெறுமை, அவளே முதலில் காலி செய்தது. துடைத்துவிட்டு 7ஆம் குழியை எடுத்தால் 8. உங்களுக்குப் பசு ஒன்றும் விழாது. நீங்கள் எடுத்தது 7, அவள் எடுத்தது 8.

இப்போது கொழுத்த குழிகள். அவளுடைய 4ஆம் குழியை எடுத்தால் 7 விதையும் உங்கள் 4ஆம் குழியில் முடியும். உங்கள் 5, 6 இரண்டும் வெறுமை. ஒன்றும் கிடைக்காது, ஒரே கையில் ஆட்டம் போய்விடும். 3ஆம் குழியை எடுத்தால் அதைவிட மோசம். ஐந்து கை விதைத்து, உங்கள் முதல் குழியில் உங்களுக்கு ஒரு பசுவும் சேர்த்துக் கொடுத்துவிட்டு, கடைசியில் இரட்டை வெறுமையில் போய் நிற்கும். 2ஆம் குழியில் அவளுக்கு 5, உங்களுக்கு 4. முதல் குழியில் அவளுக்கு 7, உங்களுக்கு 4. வலது ஓரத்து 7ஆம் குழியில் அவளுக்கு 10 கிடைக்கும், ஆனால் வழியில் உங்களுக்கு ஒரு பசு, அதாவது 4 விதை, விழும்.

ஒரே மாதிரி 7 விதை உள்ள குழிகள், விளைவோ ஒன்றுமில்லாததிலிருந்து 10 வரை. இதைக் கண்ணால் பார்த்த பிள்ளை அளவைப் பார்த்துக் குழி எடுப்பதை விடும்.

கொட்டாஞ்சேனை ராகுலன்

பலகை இல்லாமல் தாளில் வட்டம் போட்டு, கொத்தமல்லி வைத்துச் செய்து பார்த்தேன். 3ஆம் குழி விஷயம் உண்மை. ஆனால் வலது ஓரக் குழியில் 10 கிடைக்கிறதே, அது 8ஐ விடக் கூடத்தானே? நான் அதைத்தான் எடுப்பேன்.

சோழிமணி

10 எடுத்து 4 கொடுத்தால் 6 முன்னிலை. 8 எடுத்து ஒன்றும் கொடுக்காவிட்டால் 8 முன்னிலை. நான் ஒற்றை விதையை எடுப்பேன். அதற்குப் பிறகு எதிராளிக்கு எப்படிப்பட்ட பலகையை விட்டு வைக்கிறோம் என்பதும் உண்டு. அதை ஒன்பது வயதுப் பிள்ளையிடம் இப்போது பேச வேண்டாம்.

மட்டக்களப்பு மருமகள்

சோழிமணி ஐயா, எங்கள் வீட்டில் பசு குழிக்காரருக்குப் போகாது. யார் விதைக்கும்போது 4 ஆகிறதோ அவருக்கே பசு. இப்போது கொழும்பில் இருக்கிறோம், என் மாமி இன்னும் அப்படித்தான் ஆடுகிறார். உங்கள் கணக்கு எங்களுக்குப் பொருந்துமா?

சோழிமணி

நல்ல இடத்தைத் தொட்டீர்கள் மகள். பொருந்தாது. உங்கள் முறையில் அந்த வலது ஓரக் குழி 10 உடன் பசுவின் 4 விதையும் சேர்ந்து 14 தரும். இடது ஓரக் குழி 11 தரும். 2ஆம் குழி 9. ஒற்றை விதை அதே 8தான், நாலாவது இடத்துக்கு இறங்கிவிடும். 3ஆம் குழிகூட 4 தரும். அதாவது ராகுலன் சொன்ன “கொழுத்த குழியை எடு” என்பது உங்கள் வீட்டில் ஓரளவு சரி, அப்பம்மா வீட்டில் சரியில்லை. ராகுலனின் தாத்தா எந்த முறையில் ஆடினார் என்று கேட்க ஆசையாக இருக்கிறது.

கொட்டாஞ்சேனை ராகுலன்

விதைப்பவருக்கே பசு என்றுதான் நினைவு. ஆனால் அம்மா அப்படி இல்லை என்கிறார். இருவரில் யார் சரி என்று கேட்க தாத்தா இல்லை.

பம்பலப்பிட்டி பொன்னி

எனக்கு வேறு விதமான சிக்கல். என் மகனுக்கும் ஒன்பது வயது. என் அப்பா யாழ்ப்பாணத்தில். இருவரும் வட்ஸ்அப் வீடியோவில் ஆடுகிறார்கள், இங்கே ஒரு பலகை, அங்கே ஒரு பலகை. ஒருவர் விதைக்கும்போது மற்றவரும் தன் பலகையில் அதே போல் விதைக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் இரண்டு பலகையும் வேறு வேறாகிவிடுகிறது, பிறகு வாக்குவாதம். இன்னொன்று, மகன் முதலில் போனில் இருக்கும் குழி விளையாட்டில்தான் பழகினான். ஓரத்தில் உள்ள பெரிய குழியிலும் ஒரு விதை போட்டுவிட்டுப் போகிறான். கடைசி விதை அங்கே விழுந்தால் “எனக்கு இன்னொரு ஆட்டம்” என்கிறான். அப்பாவுக்கு அது ஒன்றும் விளங்கவில்லை.

சோழிமணி

மகன் பழகியது கலா என்ற விளையாட்டு. 1940இல் அமெரிக்காவில் உருவாக்கப்பட்டது. அதில் ஆளுக்கு ஆறு குழி, ஓரப் பெரிய குழியும் விதைப்புப் பாதையில் சேர்ந்தது, அதில் கடைசி விதை விழுந்தால் மறுபடி ஆட்டம். நம் பல்லாங்குழியில் எடுத்த விதை ஆட்டத்தை விட்டு வெளியே போய்விடும், அடுத்த சுற்றுவரை திரும்பாது. ஓரக் குழி உள்ள பலகையாக இருந்தால் அதை ஒரு துணியால் மூடிவிட்டு, எடுத்த விதையை மடியிலோ கிண்ணத்திலோ போடச் சொல்லுங்கள். சொல்லித் திருத்துவதைவிட இது வேகமாகப் படியும்.

வீடியோவில் இரண்டு பலகையும் பிரிந்து போவதற்கு, ஆட்டம் கைமாறும் ஒவ்வொரு முறையும் விதைத்தவர் 14 குழியின் எண்ணிக்கையையும் வாய்விட்டு வாசிக்க வேண்டும். மற்றவர் தன் பலகையோடு ஒத்துப் பார்க்கட்டும். பசு போன பின் 4 என்று ஒரு குழியில் இருந்தால் பசுவை எடுக்கத் தவறியிருக்கிறார்கள் என்று அப்போதே தெரியும்.

பம்பலப்பிட்டி பொன்னி

வாசிப்பது நல்லது, இன்று இரவே சொல்கிறேன். முன்பக்கக் கமெராவில் தன் படம் கண்ணாடி மாதிரி இடம் வலம் மாறித் தெரிவதும் மகனைக் குழப்புகிறது என்று நினைக்கிறேன். அதனால் பின்பக்கக் கமெராவைப் பலகைக்கு மேலே நிறுத்திப் பார்க்கிறேன்.

வெள்ளவத்தை அப்பம்மா

பொன்னி, உங்கள் அப்பா பேரனோடு அப்படி ஆட முயற்சி செய்வதே எனக்கு மகிழ்ச்சி.

சோழிமணி சொன்ன நிலையை அடுக்கி வைத்து ஆடினோம். ஒற்றை விதையில் 8 வந்ததும் பேத்தி எழுந்து நின்றுவிட்டாள். பிறகு தானாகவே 4ஆம் குழியை எடுத்து, ஒன்றும் கிடைக்காமல் போனதைப் பார்த்து, “இது எனக்கு முன்னாடியே தெரிந்திருக்க முடியுமா?” என்று கேட்டாள். இதுதான் எனக்கு வேண்டிய கேள்வி. அவளுக்கு முன்கூட்டிப் பார்க்க ஒரு பிடி வேண்டும். ஒவ்வொரு விதையையும் விரலால் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டிருந்தால் மாலை முடிந்துவிடும்.

சோழிமணி

ஒரே ஒரு பிடி சொல்கிறேன். 7 விதை உள்ள குழியை எடுத்தால் கடைசி விதை எதிர்வரிசையில் அதே எண்ணுள்ள குழியில் விழும். அவரவர் இடப்பக்கத்திலிருந்து எண்ண வேண்டும். அவளுடைய 4ஆம் குழி என்றால் உங்கள் 4ஆம் குழி. ஏனென்றால் 7 என்பது வளையத்தில் பாதி. அதிலிருந்து மற்றதைக் கணக்கிடலாம். 8 என்றால் அதற்கு ஒன்று தள்ளி, 6 என்றால் ஒன்று முன்னால். விரலால் தொட்டுப் போகத் தேவையில்லை.

அவளிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: முதல் கை எங்கே முடியும், அதற்கு அடுத்த குழியில் என்ன இருக்கிறது? அவ்வளவுதான். இந்த ஒரு கையைப் பார்த்தாலே அந்த 4ஆம் குழி வீண் என்று தெரிந்துவிடும். கொஞ்ச நாள் இது மட்டும் போதும். பிறகு இரண்டாவது கையையும் பார்க்கச் சொல்லுங்கள். அந்த ஒற்றை விதை ஆட்டம் மூன்று கைகளில் முடிகிறது, அதில் இரண்டு மிகச் சிறிய கைகள். அதனால் முழுதாக முன்கூட்டிப் பார்க்கக்கூடிய ஆட்டம் அதுதான். சின்னக் குழியை எடுப்பதன் பலம் அங்கே இருக்கிறது, எங்கே முடியும் என்று தெரிந்து எடுக்கலாம். கொழுத்த குழிகள் பெரும்பாலும் நீண்டு ஓடும், நடுவில் பசுக்கள் போகப் போக நிலை மாறும். அதைத் தலையில் வைத்திருக்கப் பெரியவர்களாலும் எளிதில் முடியாது.

இன்னொன்று அப்பம்மா. உங்கள் கை வேகமாக இருக்கும் என்று நினைக்கிறேன். நீங்கள் விதைக்கும்போது ஒவ்வொரு கை முடிந்ததும் ஒரு மூச்சு நிறுத்தி, அடுத்து அள்ளப் போகும் குழியில் விரலை வையுங்கள். அள்ளும் முன் அவள் எண்ணைச் சொல்லட்டும். அவளுக்கு உங்கள் ஆட்டத்திலிருந்தே கற்றுக்கொள்ள வழி திறக்கும்.

மட்டக்களப்பு மருமகள்

ஐயா, இதைப் படித்துவிட்டு என் மகளும் மாமியும் ஆட உட்கார்ந்தார்கள். கீழ்வீட்டில் சிங்களக் குடும்பம், சித்திரைப் புத்தாண்டு வந்தால் அவர்கள் ஒலிந்த ஆடுவார்கள். அங்கேயும் இதே 14 குழிதான். அந்த வீட்டுப் பாட்டி வந்து பார்த்துவிட்டு, தங்கள் வீட்டில் குழிக்கு 4தான் போடுவார்கள் என்றார். எங்கள் மாமிக்கு அது ஒத்துவரவில்லை, தொடக்கத்திலேயே எல்லாம் பசுவாக இருக்கிறதே என்றார். 4 போட்டாலும் முதல் ஆட்டக்காரருக்கு ஒரே அளவுதானா?

சோழிமணி

ஆம், பசு இல்லாமல், வெறுமையைத் துடைத்து எடுக்கும் அதே முறையில் ஆடினால் எந்தக் குழியிலும் 6 கிடைக்கும். ஆனால் ஏழு கை விதைக்க வேண்டும், புதுப் பிள்ளைக்கு நீளம். குழிக்கு 6 போட்டால் இரண்டே கை. முதல் கை அடுத்த ஆறு குழிக்கும், இரண்டாம் கை அதற்கடுத்த ஆறு குழிக்கும் போய், புறப்பட்ட வெறுங்குழியின் வாசலில் நிற்கும். துடைத்து எடுத்தால் 7. விதைப்பின் போக்கைக் காட்ட முதல் நாளில் 6 போட்டுத் தொடங்குவது எளிது. விதை 84 வேண்டும், அவ்வளவுதான்.

வெள்ளவத்தை அப்பம்மா

நேற்று பேத்தியோடு முழுச் சுற்று ஆடினேன். விரலை வைத்து நிறுத்துவது நன்றாக வேலை செய்கிறது. பாதியில் என்னைவிட முன்னதாக எண்ணைச் சொல்லத் தொடங்கினாள். சுற்று முடிந்தபோது என்னிடம் 43, அவளிடம் 27.

இப்போது அடுத்த கேள்வி. இரண்டாம் சுற்றுக்கு அவரவர் விதையை அவரவர் குழியில் 5 வீதம் நிரப்ப வேண்டும். அவளுக்கு ஐந்து குழி நிரம்பியது, 2 விதை மிச்சம். இரண்டு குழியைத் தீக்குச்சி வைத்து மூடினோம், விதைக்கும்போது அவற்றைத் தாண்டிப் போக வேண்டும் என்று. அவளுக்கு முகம் வாடிவிட்டது. “இனி நான் எப்படி வெல்வேன்?” என்கிறாள். தோற்றவர் மேலும் தோற்பதுதான் இந்த விளையாட்டின் கடினமான இடம். அந்தப் பகுதியை விட்டுவிடலாமா என்று மகன் கேட்கிறான். எனக்கு விட மனமில்லை.

கொட்டாஞ்சேனை ராகுலன்

விட்டுவிடுங்கள் அம்மா. அடுத்த வருடம் புலமைப்பரிசில் பரீட்சை இருக்கிறது, பிள்ளைக்கு அதற்குள் ஆயிரம் தோல்வி பயம். ஒவ்வொரு சுற்றையும் புதிதாக ஆடட்டும்.

சோழிமணி

நான் விட மாட்டேன், ஆனால் தோற்றவரைத் தொடங்க விடுவேன். 12 குழியில் 5 வீதம் இருந்தால் தொடக்கம் எந்தக் குழியிலும் இரண்டே கை, கிடைப்பது 6. அதாவது அவள் முதல் ஆட்டத்திலேயே, ஒன்றும் யோசிக்காமல், 6 எடுத்துவிடுவாள். கையில் மிச்சமிருந்த 2 உடன் சேர்த்து 8. உங்களிடம் மிச்சம் 8. அப்போது கிண்ணங்கள் சமம், பலகையில்தான் உங்களுக்கு இரண்டு குழி கூட. இதைச் சொல்லித்தான் அவளை உட்கார வைக்க வேண்டும்.

ஒன்றைக் கவனியுங்கள். குழி மூடிய பின் அந்த 7 கணக்கு பிழையாகிவிடும். வளையத்தில் 12தான் இருக்கிறது, பாதி என்றால் 6. மூடிய குழியை எண்ணிக்கையில் சேர்க்காமல் எண்ண அவளுக்குப் புதிதாகப் பழக்க வேண்டும். பிள்ளைகள் அதிகம் தடுமாறுவது இங்கேதான்.

மட்டக்களப்பு மருமகள்

எந்த இரண்டு குழியை மூடுவது என்று யார் முடிவு செய்வது? எங்கள் மாமி வலது ஓரத்து இரண்டையும்தான் மூட வேண்டும் என்கிறார். என் தகப்பனார் பக்கம் தோற்றவர் விருப்பம்.

வெள்ளவத்தை அப்பம்மா

எங்கள் வீட்டில் தோற்றவர் விருப்பம்தான். அவள் 2ஆம் குழியையும் 6ஆம் குழியையும் மூடினாள். ஏன் என்று கேட்டேன், “அப்போது அப்பம்மாவுக்கு எண்ணுவது கஷ்டம்” என்றாள். அது நல்ல காரணமா என்று எனக்கே தெரியவில்லை, ஆனால் மூடிய இரண்டும் சேர்ந்து இருப்பதும் பிரிந்து இருப்பதும் ஆட்டத்தை மாற்றுமா? சோழிமணி, நேரம் கிடைத்தால் இதைக் கொஞ்சம் பாருங்கள்.

சோழிமணி

தொடக்கத்தில் மாற்றாது, மூடிய குழி வளையத்திலேயே இல்லாததால் எங்கே மூடினாலும் அதே 6தான். அதற்குப் பிறகும் மாற்றாது. குழிகளை ஓரத்தில் மூடினாலும் நடுவில் மூடினாலும் வளையத்தில் அவளுடைய ஐந்து குழிகள் தொடர்ச்சியாகத்தான் இருக்கும். ஆகவே கணக்கில் வித்தியாசம் இல்லை, கண்ணுக்குத்தான் வித்தியாசம். பேத்தி சொன்ன காரணம் சரியான காரணம். உங்கள் கண்ணுக்கு மாலையில் சிரமம் என்றீர்களே, தீக்குச்சிக்குப் பதிலாக மூடிய குழியில் ஒரு வெள்ளைத் துணித்துண்டைத் திணித்து வையுங்கள்.

மட்டக்களப்பு மருமகள்

மாமியிடம் வாசித்துக் காட்டினேன். கணக்கு எப்படி இருந்தாலும் வலது ஓரம்தான் என்கிறார்.